ரிலேவுக்கு எச்.பி. தெரியாது

பம்பு மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" என்பதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலே எச்.பி.யைப் பார்ப்பதில்லை, தன் வழியே ஓடும் கரண்ட்டை மட்டுமே பார்க்கிறது. ஒரே 5 எச்.பி.யில் கிணற்றுமேட்டு மோனோபிளாக் 7.5 ஆம்பியர் எடுக்கும். போர்வெல்லுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் 10 ஆம்பியரை நெருங்கலாம். அதனால் மோட்டார் தகட்டில் முதலில் தேட வேண்டியது ஆம்பியர். அடுத்து, அந்த ஆம்பியர் எந்த வோல்ட்டேஜுக்கு, ஸ்டாரிலா டெல்டாவிலா என்று பாருங்கள்.

தகட்டில் 415 வோல்ட், 7.5 ஆம்பியர் என்றிருந்தால் 6 முதல் 10 ஆம்பியர் வரை திருப்பக்கூடிய ரிலே பொருந்தும். டயலை 7.5-இல் வையுங்கள். இந்த அளவு மோட்டாருக்கு நேரடியாக ஓட்டும் டிஓஎல் ஸ்டார்ட்டர் போதும்.

பெரிய மோட்டாரில்தான் பலர் தவறுகிறார்கள். 10 எச்.பி., 415 வோல்ட், டெல்டா, 14 ஆம்பியர் என்று தகடு சொல்கிறது. ஆறு முனைகளும் வெளியே வந்திருக்கின்றன. இதற்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போடலாம். அதில் வழக்கமாக ரிலே மெயின் காண்டாக்டருக்கு அடியில், வைண்டிங்குக்குப் போகும் பாதையில் இருக்கும். அங்கே ஓடுவது முழுக் கரண்ட்டில் 0.58 பங்குதான். ஆகவே 14-ஐ 0.58-ஆல் பெருக்கி, 8.1 ஆம்பியரில் டயலை வைக்க வேண்டும். தகட்டைப் பார்த்து 14 என்றே வைத்துவிட்டால், லைனில் 24 ஆம்பியர் ஓடும்வரை ரிலே அசையாது. அதற்குள் வைண்டிங் கருகிவிடும். ரிலே ஸ்டார்ட்டருக்கு முன்னால், லைனிலேயே மாட்டப்பட்டிருந்தால் மட்டும் 14 சரி. மூன்றே முனைகள் வெளிவரும் சப்மெர்சிபிளுக்கு ஸ்டார்-டெல்டா ஆகாது.

ரிலே அடிக்கடி ட்ரிப் ஆனால் டயலைக் கொஞ்சம் ஏற்றிவிடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. எத்தனையோ மோட்டார்கள் ரீவைண்டிங் கடைக்குப் போவது இதனால்தான். டயலில் கை வைக்கும் முன் டாங் டெஸ்டரால் மூன்று வயரையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்றில் கரண்ட்டே இல்லாமல் மற்ற இரண்டில் ஏறியிருந்தால் ஒரு பேஸ் போய்விட்டது. மூன்றிலும் ஏறியிருந்து வோல்ட்டேஜ் 350-க்குக் கீழே கிடந்தால் கோளாறு சப்ளையில். அதே வேலையைக் குறைந்த வோல்ட்டேஜில் செய்ய மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறது. வோல்ட்டேஜ் நன்றாக இருந்தும் மூன்றிலும் ஏறியிருந்தால் பேரிங்கையோ இம்பெல்லரையோ பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று நிலையிலும் ரிலே தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

தண்ணீர் வற்றி பம்பு வெறுமனே ஓடும்போது கரண்ட் ஏறாது, இறங்கும். அப்போது இந்த ரிலே காப்பாற்றாது. கரண்ட் குறைந்தால் நிறுத்தும் டிரை ரன் கருவியைத் தனியே மாட்ட வேண்டும்.