சாப்பிடாத நாளிலும் இன்சுலின் எதற்கு?

இரவு 11 மணிக்கு அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது 17, எடை 45 கிலோ. 5 வருடமாக முதல் வகைச் சர்க்கரை நோய். இரண்டு நாளாகக் காய்ச்சல், விடாத வாந்தி, வயிற்று வலி. கண்கள் குழிந்து, நாக்கு வறண்டு கிடந்தது. மூச்சு மட்டும் ஓடிவந்தவள் போல ஆழமாக, வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குனிந்தால் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை.

விரல் நுனியில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 412.

"கடைசியாக ஊசி எப்போது போட்டீர்கள்?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"முந்தாநாள் ராத்திரியோட சரி டாக்டர். ஒரு வாய்கூடச் சாப்பிடலையே. வெறும் வயித்துல ஊசி போட்டா சுகர் இறங்கி மயங்கிடுவாளேன்னு பயந்து நிறுத்திட்டேன்."

தாழ்சர்க்கரையில் மகள் மயங்கி விழுந்ததை முன்பே ஒருமுறை கண்டவர் அவர். அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்காத உடம்பில் 412 எப்படி வந்தது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால், இன்சுலினில் ஏன் இத்தனை வகை என்பதும், ரத்தப் பரிசோதனைத் தாளில் இரண்டு எண்கள் எதற்கு என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

நாம் சாப்பிடாத நேரத்திலும் மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் சர்க்கரை வேண்டும். அதைத் தருவது கல்லீரல். பகலில் சேமித்த சர்க்கரையை இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். இருப்பு குறைந்தால் புதிதாகவும் தயாரிக்கும். இந்த வேலை அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது, கணையம் இடைவிடாமல் சுரக்கும் சிறிதளவு இன்சுலின். சாப்பிட்டதும் கணையம் கூடுதலாக ஒரு வீச்சு இன்சுலினைச் சுரக்கிறது. அது உணவிலிருந்து வரும் சர்க்கரைக்கானது. ஆக, உடம்புக்கு இரண்டு விதமான இன்சுலின் தேவை இருக்கிறது. ஒன்று 24 மணி நேரமும் வேண்டிய அடிப்படை அளவு. மற்றொன்று சாப்பாட்டு வேளைக்கானது.

வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவு முதல் தேவையின் சாட்சி. குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் கொடுக்கும் அந்த ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் கல்லீரல் விட்ட சர்க்கரை. சாப்பிட்ட பின் எடுக்கும் அளவு இரண்டாவது தேவை எவ்வளவு நிறைவேறியது என்பதைச் சொல்கிறது.

நோய் இருக்கிறதா என்று அறிய வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை எச்சரிக்கைக் கட்டம், 126 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய் என்று பரவலாகக் கொள்கிறார்கள். அறிகுறி இல்லாதவருக்கு மறுமுறை பார்த்தே உறுதி செய்வார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200-ஐத் தொட்டாலும் நோய்தான். வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு எடுக்கும் அளவை இந்த குளுக்கோஸ் பரிசோதனைக்குச் சமமாக வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது. ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது மாறும்.

இரண்டு பேரின் தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பின் 192. இன்னொருவருக்கு வெறும் வயிற்றில் 112, சாப்பிட்ட பின் 268. முதல்வருக்குச் சாப்பாடு ஏற்றியது வெறும் 24 புள்ளிதான். காலையில் எழும்போதே சர்க்கரை உயர்ந்திருக்கிறது. அதன் மேல்தான் சாப்பாட்டின் ஏற்றம் உட்கார்ந்திருக்கிறது. அவர் இட்லியைக் குறைத்துக் குறைத்துப் பட்டினி கிடந்தாலும் பெரிய பலன் இராது. இரவில் கல்லீரலைக் கட்டுப்படுத்தும் மருந்தையோ அடிப்படை இன்சுலினையோதான் மருத்துவர் சரிபார்க்க வேண்டும். இரண்டாமவருக்கு இரவு நன்றாகவே கழிந்திருக்கிறது. அவருடைய சிக்கல் காலைத் தட்டில் இருக்கிறது, அல்லது அந்த வேளைக்கான மருந்தில் இருக்கிறது.

இப்படிப் படிக்க வேண்டுமானால் எண் சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். 2 மணி நேரத்தைச் சாப்பிட்டு முடித்ததிலிருந்து பலர் கணக்கிடுகிறார்கள். முதல் வாய் எடுத்து வைத்த நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். இன்னொரு பிழை, பரிசோதனை நாள் என்பதால் மாத்திரையையும் ஊசியையும் அடியோடு விட்டுவிடுவது. முதல் ரத்தம் கொடுத்த பிறகு வழக்கமான மருந்தோடு வழக்கமான காலை உணவைச் சாப்பிட்டால்தான், அந்த மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். மருந்தை விட்டுவிட்டு வாங்கிய 280-ஐப் பார்த்து மருந்தைக் கூட்டினால், பிறகு சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

இன்சுலின் வகைகளும் இந்த இரண்டு தேவைகளுக்கு ஏற்பவே அமைந்தவை. அடிப்படைத் தேவைக்கு நீண்ட நேரம் வேலை செய்பவை: கிளார்ஜின் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும், டெக்லுடெக் அதற்கும் மேலே. பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக இருப்பதே இவற்றின் பலம். சாப்பாட்டு வேளைக்கு லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமானவை. போட்ட 15 நிமிடத்தில் வேலை தொடங்கி, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, 3 முதல் 5 மணி நேரத்தில் அடங்கிவிடும். பழைய ரெகுலர் இன்சுலின் தொடங்கவே அரை மணி ஆகும். அதனால்தான் அதைப் போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

இடையில் நிற்பது என்.பி.எச். புட்டியில் பால் கலந்தது போல் கலங்கலாக இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் கலந்த பிறகே எடுக்க வேண்டும். போட்டு 4 மணி நேரத்துக்குப் பின் இது உச்சத்துக்குப் போகும் என்பதால், இரவு போட்டால் நடுநிசிக்குப் பின் சர்க்கரை தாழ வாய்ப்புண்டு. அரசு மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் அதிகம் கிடைக்கும் 30/70 கலவை, 30 பங்கு ரெகுலரும் 70 பங்கு என்.பி.எச்.சும் சேர்ந்தது. ஒரே ஊசியில் இரண்டு தேவையும் அடங்கும். ஆனால் சாப்பிடாத நாளில் ஒன்றை மட்டும் தனியே குறைக்க முடியாது.

ஊசிக் குழாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் சாதாரண இன்சுலின் புட்டிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் மருந்து ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான ஊசிக் குழாய்க்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழாயில் 10 கோடு எடுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். புட்டியில் இருக்கும் எண்ணும் குழாயில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அவளுக்கு இரவில் கிளார்ஜின் 18 யூனிட். ஒவ்வொரு வேளைக்கும் முன்பு அஸ்பார்ட் 6 யூனிட். சாப்பிடாதபோது அஸ்பார்ட்டை நிறுத்தியது புரிந்துகொள்ளக் கூடியது. கிளார்ஜினும் நின்றதில்தான் விபரீதம். அடிப்படை இன்சுலின் தீர்ந்ததும் கல்லீரலுக்குக் கடிவாளம் இல்லை. காய்ச்சலின்போது உடம்பு சுரக்கும் ஹார்மோன்களும் சர்க்கரையை மேலும் ஏற்றின. 412 இப்படித்தான் வந்தது.

அதைவிட ஆபத்தானது இன்னொன்று. இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தும் தசைகளால் அதைச் சரிவரப் பயன்படுத்த முடியாது. உடம்பு கொழுப்பை உடைக்கத் தொடங்கும். அந்தக் கொழுப்பைக் கல்லீரல் கீட்டோன் என்ற அமிலப் பொருளாக மாற்றும். கீட்டோன் பெருகி ரத்தம் அமிலமாவதே கீட்டோஅசிடோசிஸ். அந்த அமிலத்தை வெளியேற்றத்தான் அவள் அப்படி ஆழமாக மூச்சு வாங்கினாள். பழ வாடை மூச்சில் கலந்த அசிட்டோனுடையது. வாந்தியும் வயிற்று வலியும்கூட இதனாலேயே வரும். வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் கஷாயம் கொடுத்துக் காலம் கடத்திவிடுவார்கள்.

ரத்தத்தின் அமில நிலை 7.12 என்று வந்தது, 7.35-க்குக் கீழே போகக் கூடாது. கீட்டோன் 5.8, 3-ஐத் தொட்டாலே அபாயம். சிறுநீரோடு ஏராளமான நீரையும் உப்பையும் இழந்திருந்ததால் முதலில் சலைன் ஏற்றினோம். பொட்டாசியம் 4.6 என்று பார்த்த பிறகே இன்சுலினைத் தொடங்கினோம், மணிக்கு 4.5 யூனிட். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளிவிடும். ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு இன்சுலினை முதலில் கொடுத்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் சலைனோடு பொட்டாசியமும் சேர்ந்தது.

3 மணி நேரத்தில் சர்க்கரை 240-க்கு இறங்கியது. "இறங்கிடுச்சே, இன்னும் எதுக்கு இன்சுலின்?" என்று அம்மா கேட்டார். கீட்டோன் அப்போதும் 4-க்கு மேலே இருந்தது. கீட்டோன் உற்பத்தியை நிறுத்துவது இன்சுலின்தான். ஆகவே இன்சுலினை நிறுத்தாமல், சர்க்கரை தாழ்ந்துவிடாதபடி குளுக்கோஸ் சொட்டையும் சேர்த்தோம். மறுநாள் பிற்பகல் அமிலம் தெளிந்தது. அவளாகவே எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். சொட்டு இன்சுலினை எடுப்பதற்கு முன்பே கிளார்ஜினைப் போட்டுவிட்டோம்.

இந்த நிலை முதல் வகைக்காரர்களுக்கே அதிகம் வரும் என்றாலும் இரண்டாம் வகையிலும் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் பெருகக்கூடும். அவர்கள் வாந்தியோடு மூச்சு வாங்கினால், விரலில் குத்திப் பார்த்து எண் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. சாப்பிட முடியாத நாளில் இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும்.

அந்த அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் இரவு கிளார்ஜின் நிற்கக் கூடாது. அளவை மாற்ற வேண்டுமா என்று போனில் கேளுங்கள். சாப்பாட்டு வேளை ஊசி மட்டுமே சாப்பாட்டைப் பொறுத்தது. 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். 250-ஐத் தாண்டினால் கீட்டோன் பாருங்கள். வாய்வழியே தண்ணீர் தங்காமல் வாந்தி தொடர்ந்தாலோ, மூச்சு வேகமெடுத்தாலோ, தூக்கக் கலக்கம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எங்கள் வீட்டுப் புட்டிகளில் எது அடிப்படைக்கு, எது சாப்பாட்டுக்கு? பதிலை அந்தப் புட்டிகளின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.