திரும்பி வராத அறுபது பேர்

ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தில், ஊர் வாயில் காசிமேட்டில், விடிவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். அங்கே கூடை எடுத்து, வெட்டிச் சுத்தம் செய்து, ஐஸ் போட்டு அண்ணா நகர், வேளச்சேரி அடுக்குமாடிகளுக்கு அனுப்ப இன்று பெரிய முதலீடு தேவையில்லை. வெட்டும் மேசை, ஐஸ் பெட்டி, ஒரு வாட்ஸ்அப் எண், இரண்டு டெலிவரி பையன்கள் இருந்தால் போதும். ஏலத்தில் ஏமாறாத ஆள்கூட இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. ‘முதல் ஆர்டருக்கு 150 ரூபாய் தள்ளுபடி’ என்று விளம்பரம் கொடுக்கும் இடம் அது.

ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு ஒரு மேல் வரம்பு உண்டு. அவர் நம்மிடம் வாங்கும் காலம் முழுவதும் நம் கையில் மிச்சம் வைக்கும் பணம்தான் அந்த வரம்பு. அதை வாடிக்கையாளரின் வாழ்நாள் மதிப்பு என்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கணக்கைப் போடும்போதுதான் பிசகு வருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. யாரும் தன் நோட்டில் உள்ளதை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். சராசரி ஆர்டர் 600 ரூபாய். தலை, குடல், செதில் போன கழிவையும் சேர்த்து மீனின் அடக்கம் 420. வெட்டுக்கூலி 30, ஐஸும் பொட்டலமும் 20, டெலிவரி 50, கெட்டுப்போனது, திருப்பி அனுப்பியது, பணப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் சேர்த்து 20. ஆக 540 போய்விட்டது. கையில் நிற்பது 60 ரூபாய்.

விளம்பரத்துக்குப் போன பணத்தை, அதைப் பார்த்து வந்த புது ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு 200 ரூபாய் வருகிறது என்று கொள்வோம். அதோடு தள்ளுபடி 150. ஓர் ஆளைப் பிடிக்க 350 ரூபாய். ஆர்டருக்கு 60 மிச்சம் என்றால், போட்ட பணம் திரும்ப அவர் ஆறு தடவை வாங்க வேண்டும்.

‘ஆறு தடவைதானே, நம்ம கஸ்டமர் மாசம் மூணு வாட்டி வாங்குறாங்களே’ என்பார் முதலாளி. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் படுபவர்கள் நிற்பவர்கள் மட்டும்தான். போனவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. எண் மட்டும் பட்டியலில் கிடக்கும்.

ஆகவே ஒரே மாதத்தில் முதல் ஆர்டர் கொடுத்த 100 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு வருடம் அவர்களை மட்டும் பின்தொடர வேண்டும். இரண்டாவது தடவை வாங்கியவர்கள் 40 பேர் என்று வைப்போம். மூன்றாவதுக்கு 24, நான்காவதுக்கு 18, ஐந்தாவதுக்கு 14. பிறகு 11, 9, 8, 7, 6, 5 என்று மெதுவாகக் குறைகிறது. இந்த இறக்கத்தின் வடிவம்தான் முக்கியம். முதல் படியில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடுகிறார்கள். நான்கைந்து தடவை வாங்கியவர் லேசில் போவதில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 100 பேரிடமிருந்து வருடத்தில் 242 ஆர்டர். தலைக்கு 2.42. அறுபதால் பெருக்கினால் 145 ரூபாய். பிடிக்கச் செலவழித்தது 350. ஆளுக்கு 205 ரூபாய் நஷ்டம். ஆள் கூடக் கூட நஷ்டமும் கூடும்.

இந்த நஷ்டம் கண்ணில் படாமல் மறைவதற்கு ஒரு காரணம், ஒன்றுபோலத் தெரியும் இரண்டு எண்கள். மேலே சொன்ன 242 ஆர்டரில் 142 பழைய ஆட்களிடமிருந்து வந்தவை. அதாவது 59 சதவீதம். ‘ஆர்டரில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பழைய கஸ்டமர்’ என்று சொன்னால் கேட்பவருக்கு முகம் மலரும். அதே நோட்டில் இருக்கும் இன்னொரு உண்மை, வந்த 100 பேரில் 60 பேர் இரண்டாவது தடவை எட்டிப் பார்க்கவில்லை என்பது. முதல் எண் ஆர்டர்களை எண்ணுகிறது, இரண்டாவது எண் ஆட்களை எண்ணுகிறது. மறுபடி வாங்கும் விகிதம் என்றால் இரண்டாவதுதான். முதல் எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு: விளம்பரத்தை நிறுத்தினால் புது ஆட்கள் வராமல் அது தானாக ஏறும். யாரும் கூடுதல் விசுவாசம் காட்டியதால் அல்ல.

காசிமேட்டு மீனுக்கென்றே இந்தக் கணக்கில் வேறு சில பள்ளங்கள் உண்டு. வெளியூர் ஆலோசகர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வஞ்சிரமும் வவ்வாலும் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வர வேண்டும்; ஜூன் 1-இல் அங்கும் தடை தொடங்கிவிடும். அந்த நாட்களில் மீன் அடக்கம் ஏறும். வாடிக்கையாளரிடம் அதே அளவுக்கு விலையை ஏற்ற முடியாது. 60 ரூபாய் மிச்சம் 20 ஆகலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். வருடத்தில் இரண்டு மாதம் இப்படிப் போகும் தொழிலில், நல்ல மாதத்து மிச்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வாழ்நாள் மதிப்பு போடுவது தப்புக் கணக்கு.

அடுத்தது புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பல வீடுகளில் அசைவம் ஏறாது. கார்த்திகையில் மாலை போட்டவர் வீடும் அப்படியே. ஆகஸ்ட் கடைசியில் பிடித்த நூறு பேரை 45 நாளில் அளந்தால், யாரும் திரும்பி வரவில்லை என்று தோன்றும். பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள். மார்ச் கடைசியில் பிடித்தவர்கள் தடைக்காலத்தில் மாட்டிக்கொள்வார்கள். பொங்கல் கழித்துப் பிடித்தவர்களுக்குத் தடையில்லாத இரண்டு, மூன்று மாதம் நேராகக் கிடைக்கிறது. அவர்களைப் பார்த்து முடிவெடுத்தால் தொழில் அற்புதமாகத் தெரியும். ஆகவே ஒரு மாதத்து ஆட்களை மறு மாதத்து ஆட்களோடு ஒப்பிடுவதில் பயனில்லை. போன வருடம் இதே மாதம் வந்தவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு இரண்டு மூன்று ஞாயிறு கழிந்தும் ஒருவர் ஆர்டர் கொடுக்கவில்லை என்றால், அவர் போய்விட்டார் என்று எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு சின்ன ஓட்டை. புது ஆள் தள்ளுபடிக்காக ஒரே வீட்டில் கணவர் எண், மனைவி எண், மகன் எண் என்று மூன்று எண்ணில் ஆர்டர் வரும். நோட்டில் அது மூன்று புது வாடிக்கையாளர். மூன்று தள்ளுபடி போனபின் அந்த வீடு அடுத்த கடைக்குப் போயிருக்கும். போன் எண்ணை வைத்து எண்ணாமல் கதவு எண்ணையும் தெருவையும் வைத்து எண்ணினால் இது வெளியே வரும்.

இதே குழியில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ப்ளூ ஏப்ரன் என்ற நிறுவனம், சமைக்க வேண்டிய சாமான்களை அளந்து பெட்டியில் போட்டு வாராவாரம் வீட்டுக்கு அனுப்பியது. 2017 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க சராசரியாக 94 டாலர் ஆனதாக அதன் ஆவணம் சொன்னது. அது 2014 முதல் சேர்த்துப் போட்ட சராசரி. ஆரம்பத்தில் ஆசையாக, சுலபமாக வந்தவர்களும் அதற்குள் அடக்கம். அப்போது எமரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேனியல் மெக்கார்த்தி, அந்த ஆவணத்தில் இருந்த எண்களையே வைத்துப் பிரித்துப் பார்த்தார். 2017 முதல் காலாண்டில் புதிதாக ஓர் ஆளைப் பிடிக்க ஆன செலவு சுமார் 147 டாலர் என்றும், ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய 72 சதவீதம் பேர் விலகிவிடுகிறார்கள் என்றும் கணித்தார்.

பின்னால் நடந்ததும் அந்தக் கணக்கின் போக்கில்தான். விளம்பரச் செலவைக் குறைத்தார்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடவே இறங்கியது. 2017 மார்ச் முடிவில் 10 லட்சத்துக்கு மேல் இருந்தது, 2018 கடைசிக் காலாண்டில் சுமார் 5.57 லட்சம். பங்குச் சந்தைக்கு வந்தபோது ஏறத்தாழ 190 கோடி டாலர் மதிப்பு. 2023-இல் அதை வொண்டர் குழுமம் வாங்கியது சுமார் 10.3 கோடி டாலருக்கு.

காசிமேட்டில் இதே தப்பு சின்ன அளவில் நடக்கும். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் யாரோ நல்ல வார்த்தை சொல்லி 100 பேர் சும்மா வந்தார்கள். விளம்பரத்தில் 100 பேர் 35,000 ரூபாய்க்கு வந்தார்கள். சேர்த்து வகுத்தால் ஆளுக்கு 175 ரூபாய். பரவாயில்லை என்று அடுத்த மாதம் விளம்பரத்தை இரட்டிப்பாக்குவார்கள். ஆனால் இரட்டிப்பாக்கிய பணத்தில் வரப்போகும் ஒவ்வொருவரும் 350 ரூபாய் ஆட்கள்தான், அதற்கு மேலும் இருக்கலாம். எந்த வழியாக வந்தார் என்பதை முதல் ஆர்டரிலேயே குறித்துவைத்து, ஒவ்வொரு வழிக்கும் தனியாக அந்த 100, 40, 24 இறக்கத்தைப் போட வேண்டும். அக்கம்பக்கத்தார் சொல்லி வந்தவரும் தள்ளுபடிக்காக வந்தவரும் ஒரே மாதிரி உதிர்வதில்லை.

ஒரு வருடத்து 145 ரூபாயும் சிறு தொழிலுக்கு முழுதாக ஆகாது. ஏலத்துக் காசு உடனே போக வேண்டும். விளம்பரக் காசு வருடம் முழுவதும் சொட்டுச்சொட்டாகத் திரும்பும். இடையில் உள்ளது வட்டிப் பணம். அதனால் 90 நாளில் திரும்பி வருவதை மட்டும் வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. முதல் நான்கு ஆர்டர் 90 நாளுக்குள் வரும் என்றால் 182 ஆர்டர், தலைக்கு 109 ரூபாய். தள்ளுபடி மட்டுமே 150. விளம்பரத்துக்கு ஒரு பைசா போகும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது.

எதைச் சரி செய்வது என்று கேட்டால் எல்லோரும் இரண்டாவது ஆர்டரைத்தான் சொல்வார்கள். போட்டுப் பார்ப்போம். 40 பேருக்குப் பதில் 50 பேர் திரும்பி வந்து, பிறகு அதே விகிதத்தில் இறங்கினால், 145 ரூபாய் சுமார் 166 ஆகும். அந்தப் பத்துப் பேரைத் திருப்புவது லேசான வேலையும் அல்ல. மாறாக, வேளச்சேரிக்கும் அண்ணா நகருக்கும் தனித்தனி வண்டி ஓட்டாமல், ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று ஒட்டிய தெருக்களில் மட்டும் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே சுற்றில் கொடுத்தால் டெலிவரி 50-இலிருந்து 30-க்கு இறங்கும். மிச்சம் 80. திரும்பி வருபவர் ஒருவர்கூடக் கூடாமலே 242 ஆர்டருக்கு 194 ரூபாய் ஆகிறது. 90 நாள் வரம்பு 145-க்கு மேல் ஏறுகிறது. அப்போதும் 350 ரூபாய் விளம்பரம் கட்டுப்படியாகாது. தெருமுனையில் கொடுக்கும் துண்டுச் சீட்டும், பழைய வாடிக்கையாளர் பக்கத்து வீட்டைச் சேர்த்துவிட்டால் அவருக்குக் கொடுக்கும் அரைக் கிலோ நெத்திலியும் அந்த வரம்புக்குள் அடங்கும்.