கருத்த ரத்தம் கெட்ட ரத்தமா?

மாதவிடாயின் கடைசி நாட்களில் கறை பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ பட்டால், ‘கெட்ட ரத்தம் வெளியேறுகிறது’ என்று பல வீடுகளில் சொல்வார்கள். பளிச்சென்ற சிவப்பில் நிறையப் போனால் ‘நல்லா போகுது, உடம்பு சுத்தமாகும்’ என்பார்கள். இரண்டுமே சரியல்ல. முதலாவது வீண் பயத்தோடு போய்விடும். இரண்டாவதை நம்பி, ஆண்டுக்கணக்கில் ரத்தத்தை இழந்துகொண்டே இருக்கும் பெண்கள் நம்மிடையே ஏராளம். அதனால்தான் இந்த நிறக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாதவிடாயில் வெளியேறுவதில் ஏறத்தாழ பாதிதான் ரத்தம். மீதி, கருப்பையின் உரிந்த உட்படலம், கருப்பை வாய்ச் சளி, பிறப்புறுப்பில் இயல்பாகச் சுரக்கும் திரவம். எனவே நிறத்தை முடிவு செய்பவை இரண்டு: ரத்தம் உள்ளே எவ்வளவு நேரம் தங்கியது, எதனோடு கலந்து வந்தது. ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். அதிலுள்ள இரும்பு, நேரம் போகப்போக ஆக்சிஜனோடு வினைபுரிந்து உருமாறும். சிவப்பு மங்கிப் பழுப்பாகும். விரல் காயத்தில் கட்டிய துணி மறுநாள் பழுப்பேறிக் கிடப்பதும் இதனால்தான். உடம்புக்குள் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று இரண்டு தனித்தனியாக ஓடவில்லை.

இதை வைத்துச் சாதாரணமான ஐந்து நாள் மாதவிடாயைப் பாருங்கள். முதல் நாள் போக்கு மெதுவாக இருப்பதால் கொஞ்சம் பழுப்போ இளஞ்சிவப்போ தெரியும். இரண்டாம் நாள் வேகம் கூடும். தங்க நேரமில்லாததால் நிறம் பளிச்சென்றிருக்கும். மூன்றாம் நாளிலிருந்து வேகம் குறைய, நிறம் அடர்ந்துகொண்டே போகும். காலையில் எழுந்ததும் கருஞ்சிவப்பாக வருவதற்கும் இரவு முழுக்கப் படுத்திருந்ததே காரணம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆறு மணி நேரம் கழித்து மாற்றும் நாப்கினில் தெரியும் நிறம், ரத்தம் வெளியே வந்தபோது இருந்த நிறம் அல்ல. நாப்கினிலேயே அது கருத்திருக்கும். சரியான நிறத்தை அறிய, துடைக்கும்போது பார்ப்பதே வழி.

பழுப்பைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்றேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உயிர் சம்பந்தப்பட்டது. நாள் தள்ளிப்போய், பிறகு கருத்த ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி இருந்தால், கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள் கொட்டும். வெளியே தெரிவது கொஞ்சம்தான். தலைசுற்றலும் தோள்பட்டை நுனியில் வலியும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி பளிச்சென்ற சிவப்பு. 38 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டு நாள் போகிறது. முதல் நான்கு நாட்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின்; இரவில் படுக்கையில் துணி விரித்துப் படுக்கிறார்; ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றன. நிறம் நல்ல சிவப்பு என்பதால் யாரும் கவலைப்படவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதின் மேல் போடுகிறார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 என்று வருகிறது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஸ்கேனில் கருப்பையின் உட்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு நார்க்கட்டி தெரிகிறது. மகப்பேறு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நிலைமை இது.

கட்டி கட்டியாகப் போவது ஏன்? கருப்பைக்குள் ரத்தம் உறையாமல் கரைத்துவிடும் பொருட்கள் இயல்பாகவே உண்டு. போக்கு அளவோடு இருக்கும்வரை அவை ஈடுகொடுக்கும். மீறினால் ரத்தம் கரையாமல் உறைந்து விழும். அதாவது, பெரிய கட்டிகள் அளவு மிஞ்சிவிட்டதன் அடையாளம். ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லிலிட்டர். 80-ஐத் தாண்டினால் அதிகம். அவ்வளவு ரத்தத்தோடு ஏறக்குறைய 40 மில்லிகிராம் இரும்பு போய்விடும். நாம் என்ன சாப்பிட்டாலும் உடல் நாளொன்றுக்கு ஈர்த்துக்கொள்வது சுமார் ஒன்று, இரண்டு மில்லிகிராம் இரும்புதான். இந்த இழப்பை முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் மட்டும் ஈடுகட்டிவிடும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண்ணுக்கு இரும்பு மாத்திரையோ ஊசியோ வேண்டும். போக்கைக் குறைக்கும் மருந்து வேண்டும். நார்க்கட்டிக்கும் தனியாகச் சிகிச்சை வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. யாரும் கேட்காமல் விட்ட அதிகப்போக்கும் அவற்றுள் ஒன்று.

இளஞ்சிவப்பு என்பது கொஞ்சம் ரத்தம் நிறையச் சளியோடு கலந்த நிறம். தொடக்கத்திலும் முடிவிலும் வந்தால் பொருட்படுத்த வேண்டாம். சிலருக்கு இரண்டு மாதவிடாய்க்கு நடுவே, சினைமுட்டை வெளியாகும் சமயத்தில் ஒன்றிரண்டு சொட்டு படும். ஆனால் உடலுறவுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பட்டால், கருப்பை வாயைப் பரிசோதிப்பது அவசியம். பெரும்பாலும் புண்ணோ சிறு சதை வளர்ச்சியோதான் இருக்கும். அரிதாகப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது அமையலாம்.

சாம்பல் நிறம் வந்தால் அது ரத்தத்தின் நிறமாற்றம் மட்டும் என்று விட்டுவிடக் கூடாது. மெல்லிய சாம்பல் வெள்ளைப்படுதலும் மீன் நாற்றமும் சேர்ந்திருந்தால் பாக்டீரியாத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறப்புறுப்பில் நல்ல பாக்டீரியாக்கள் சுரக்கும் அமிலம்தான் மற்ற கிருமிகளை அடக்கி வைத்திருக்கிறது. அவை குறையும்போது மற்றவை பெருகுகின்றன. மாதவிடாய் ரத்தம் அமிலத்தன்மையை மேலும் குறைப்பதால் அந்நாட்களில் நாற்றம் கூடும். அசுத்தம் என்று நினைத்துச் சோப்பும் டெட்டாலும் போட்டு உள்ளே கழுவுகிறவர்கள் உண்டு. எஞ்சிய நல்ல பாக்டீரியாக்களும் அதில் போய்விடும். மெட்ரோனிடசோல் மாத்திரையை மருத்துவர் சொல்லும் நாட்கள், வழக்கமாக ஒரு வாரம், முழுமையாக எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். திரும்ப வருவதும் உண்டு என்பதால் பாதியில் நிறுத்தக் கூடாது.

இன்னொரு சாம்பலும் இருக்கிறது. நாள் தள்ளிப்போன பிறகு, வலியோடும் ரத்தத்தோடும் சாம்பல் நிறச் சதைத்துண்டு விழுந்தால் கருச்சிதைவாக இருக்கலாம். அதைச் சுத்தமான டப்பாவில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போவது நல்லது. முழுவதும் வெளியேறியதா என்று பார்க்க உதவும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். போக்கு நிற்காமல் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அவசரம்.

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்குச் சிவப்போ பழுப்போ இளஞ்சிவப்போ, ஒரே ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதனை கட்டாயம். ஸ்கேனில் கருப்பையின் உட்படலத் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சிறு துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள்.