உப்புக்கரைசல் நிரப்பிய தொட்டியின் எடை

ஒரு தொட்டியில் நிரம்பும் கரைசலின் எடையை அறிய, தொட்டியின் கன அளவை அக்கரைசலின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால் அங்கு அடர்த்தியைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. உப்புக்கரைசலிலும் சர்க்கரைப் பாகிலும் அந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றிவிடும்.

ஊறுகாய்க்கு மாங்காய் ஊற வைக்கும் இடத்தில் 2 மீ நீளம், 1.5 மீ அகலம், 1 மீ உயரம் உள்ள தொட்டி இருப்பதாகக் கொள்வோம். அதன் கன அளவு 3 கன மீட்டர், அதாவது 3000 லிட்டர். அதில் 20% உப்புக்கரைசலை மட்டும் விளிம்பு வரை நிரப்புகிறோம். 20 டிகிரி செல்சியசில் இக்கரைசலின் அடர்த்தி லிட்டருக்கு 1.148 கிலோ.

3000 × 1.148 = 3444 கிலோ

தண்ணீராக இருந்தால் சுமார் 3000 கிலோதான். தண்ணீருக்கென்று கட்டிய தாங்கி இப்போது 444 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. இதே தொட்டியில் 60% சர்க்கரைப் பாகு (லிட்டருக்கு 1.287 கிலோ) என்றால் எடை 3861 கிலோ ஆகிவிடும். தொட்டியின் சொந்த எடை இவற்றில் சேரவில்லை.

இனி, எவ்வளவு உப்பு வாங்க வேண்டும்? இங்கே 20% என்பது 100 கிலோ கரைசலில் 20 கிலோ உப்பு என்று பொருள்படும். எனவே உப்பு 3444 × 0.20 = 689 கிலோ; மீதி 2755 கிலோ தண்ணீர்.

வகுப்பில் இக்கணக்கைக் கொடுத்தால் பலர் 3000 லிட்டர் தண்ணீரில் 20%, அதாவது 600 கிலோ உப்பு என்று எழுதிவிடுவார்கள். அப்படிக் கலந்தால் மொத்தம் 3600 கிலோ. அதில் உப்பு 600 கிலோதான் என்பதால் செறிவு 16.7% மட்டுமே. அச்செறிவில் அடர்த்தி சுமார் 1.12, ஆகவே கன அளவு ஏறத்தாழ 3210 லிட்டர். கரைசல் நீர்த்தும் போகும், 200 லிட்டருக்கு மேல் தொட்டியிலிருந்து வழிந்தும் போகும். சில ஆய்வுக்கூடக் குறிப்புகளில் 20% என்பது 100 மில்லி லிட்டரில் 20 கிராம் என்ற பொருளிலும் வரும். அப்போது விடை வேறு. கணக்கைத் தொடங்கும் முன் எந்தச் சதவீதம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடர்த்தியைத் திரவமானி கொண்டு அளக்கலாம். ஆனால் உப்பு அடியில் கரையாமல் கிடந்தால் மேல்மட்டத்தில் எடுத்த அளவு குறைவாகக் காட்டும். மேலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இன்னும் கலக்க வேண்டும் என்று பொருள். வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். 40 டிகிரியில் அதே 20% கரைசலின் அடர்த்தி 1.138 அளவுக்குக் குறைகிறது. தொட்டி நிறையக் கணக்கிட்டால் அது சுமார் 30 கிலோ வித்தியாசம். தாங்கியின் வலிமையைப் பார்க்கையில் இது சிறிது. ஆனால் திரவமானியின் அளவிலிருந்து செறிவைக் கண்டுபிடிக்கும்போது 20% கரைசலை 19% க்கும் குறைவாகக் காட்டிவிடும்.