ஒரு தாள், இரண்டு விடைபெறல்

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு 'போறன்' என்று சொன்னால், வீட்டுக்குள்ளிருந்து யாராவது திருத்துவார்கள்: "போயிட்டு வாறன் எண்டு சொல்லு." தென் கொரியத் தொழிற்சாலை ஒன்றில் கடைசி நாள் வேலை முடித்து, சக தொழிலாளர்களுக்கு விடைபெறும் குறிப்பு எழுத உட்காரும் ஈழத் தமிழரைச் சிக்கலில் மாட்டிவிடுவது இந்தச் சொல்தான்.

ஒருவரை நினைத்துக்கொள்வோம். முல்லைத்தீவுக்காரர். அன்சான் நகரில் பிளாஸ்டிக் வார்ப்பு ஆலையில் வேலை. 2004 முதல் நடக்கும் 'வேலை அனுமதி முறை'யில், இ-9 விசாவில் போனவர். இந்த விசாவில் முதலில் 3 ஆண்டு. முதலாளி விரும்பினால் மேலும் 1 ஆண்டு 10 மாதம். மொத்தம் 4 ஆண்டு 10 மாதம். 5 ஆண்டு தொடர்ந்து தங்கினால் நிரந்தரமாகக் குடியேற உரிமை கேட்கும் வழி திறக்கும் என்பதால், அதற்கு 2 மாதம் முன்பே கணக்கை முடிக்கிறார்கள். முதலாளி விண்ணப்பித்தால் மீண்டும் வரலாம்.

குறிப்பின் மேல்பாதி கொரிய மொழியில். மேற்பார்வையாளருக்கும் சமையலறைப் பெண்ணுக்கும். கீழ்ப்பாதி தமிழில், அதே ஆலையில் வேலை செய்யும் ஊர்த் தம்பிமாருக்கு. தமிழில் எழுதியதை அப்படியே கொரியத்துக்கு மாற்றினால் போதும் என்று தோன்றும். அங்கேதான் தவறு.

'போயிட்டு வாறன்' என்பதற்கு அச்சொட்டான கொரியத் தொடர் உண்டு: 'தான்யோ ஒகெத்சும்னிதா'. பொருளும் அதேதான். ஆனால் காலையில் பள்ளிக்கோ வேலைக்கோ போகும் பிள்ளை வீட்டாரிடம் சொல்வது அது. மாலையில் திரும்பிவிடுவான் என்பது அதில் அடக்கம். ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்புகிறவர் எழுதினால், திரும்பவும் எடுப்பதாக முதலாளி சொல்லிவிட்டாரோ என்று மேற்பார்வையாளர் யோசிப்பார். நமக்கு அது நல்வாக்கு. அவருக்கு அது தகவல்.

கொரியத்தில் புறப்படுகிறவர் சொல்வது 'அன்யோங்ஹி கேசேயோ'. இருப்பவர்களைப் பார்த்து 'நலமாக இருங்கள்' என்பது. 'அன்யோங்ஹி காசேயோ' என்றால் 'நலமாகப் போங்கள்'. அது இருப்பவர் சொல்ல வேண்டியது. ஓர் அசை மாறினால், போகிறவரே மற்றவர்களை வழியனுப்பியதாகிவிடும்.

அடுத்த சிக்கல் மரியாதை. இயந்திரத்தடியில் காதால் கற்ற கொரியம் பெரும்பாலும் 'பன்மல்': 'வா, எடு, சீக்கிரம்' என்று ஒருமையில் ஏவும் பேச்சு. ஏறக்குறைய ஐந்து வருடம் அதைக் கேட்டவர் அதையே தாளில் எழுதினால், மேற்பார்வையாளரை 'நீ' என்றது போலாகும். 'சுகோஹாசேயோ' என்பதும் அப்படித்தான். 'சிரமத்துக்கு நன்றி' என்ற தொனியில் எல்லோரும் சொல்வது. ஆனால் மூத்தவரிடம் சொல்வது முறையல்ல என்பார்கள். 'குதொங்கான் கம்சாஹெத்சும்னிதா', அதாவது 'இத்தனை நாளும் நன்றி' என்றால் யாரும் குறை காணமாட்டார்கள். பெயர் சொல்லி விளிப்பதில்லை, மேற்பார்வையாளர் 'பஞ்ஜங்னிம்'. சமையல்காரப் பெண் 'இமோ'. தாயின் சகோதரி என்று பொருள். இங்கே மட்டும் தமிழருக்கு விளக்கம் தேவைப்படாது.

கறுப்பு அல்லது நீல மையில் எழுத வேண்டும். ஒருவர் பெயரைச் சிவப்பில் எழுதுவதை அங்கே கெட்ட சகுனமாகக் கருதுவார்கள்.

இப்போது நம்மவர் எழுதும் கொரியப் பாதியின் பொருள் இது:

"பஞ்ஜங்னிம், இமோ, எல்லோருக்கும்: இத்தனை நாளும் நன்றி. நிறையக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் இயந்திரத்தின் கதவு சில நேரம் முழுதாக மூடுவதில்லை, தயவுசெய்து பாருங்கள். நலமாக இருங்கள்."

தமிழ்ப் பாதி:

"தம்பிமாருக்கு: மூண்டாம் மெசின் கதவு சரியாப் பூட்டாது. அச்சில பொருள் சிக்கினா, மெசினை நிப்பாட்டாமல் கை வைக்காதேங்கோ. திட்டுவினம் எண்டு அவசரப்படாதேங்கோ. என்ர குளிர் ஜக்கெட்டை புதுசா வந்த தம்பிக்குக் குடுங்கோ. இமோ சோறு கூடப் போட்டா வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ. போயிட்டு வாறன்."

இரண்டு பாதியிலும் பொதுவாக இருப்பது அந்த மூன்றாம் இயந்திரம் மட்டுமே. மேலே அது திருத்தச் சொல்லும் வேண்டுகோள். கீழே கையைக் காப்பாற்றும் எச்சரிக்கை. உயிரோடு தொடர்புள்ளதை ஒரு மொழியில் மட்டும் விட்டுவிடக் கூடாது. மற்றவை அந்தந்த மொழியின் முறைப்படி பிரிந்து நிற்கலாம். கடைசி வரியும் அப்படித்தான். அதை வாசிக்கும் தம்பிமாரில் எவரும், அண்ணன் திரும்பி வருவாரா என்று கேட்கப்போவதில்லை.