லோஷன், பாடி பட்டர், எண்ணெய்... பனிக்காலத்தில் குளித்ததும் எதைப் பூசலாம்?

மார்கழி பிறந்தாலே பலருக்கும் ஒரு தொல்லை கூடவே வந்துவிடும். காலில் நகத்தால் லேசாகக் கீறினால் சாக்பீஸில் கிழித்ததுபோல வெள்ளைக்கோடு விழும். முழங்கால் கீழே தோல் பொடிப்பொடியாக உதிரும். இரவில் போர்வைக்குள் அரிக்கும். உடனே கடைக்குப் போய் ஒரு லோஷன் வாங்குகிறோம். அது கேட்கவில்லை என்றால் 'பாடி பட்டர்' என்று ஒரு டப்பா. அதுவும் சரிப்படாவிட்டால் பாட்டி சொன்ன தேங்காய் எண்ணெய். மூன்றும் ஒரே வேலையைச் செய்யும் பொருள்கள் என்று நினைப்பதுதான் இங்கே சிக்கல். அவற்றின் வேலை வேறு வேறு.

தோல் ஏன் வறள்கிறது?

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர்போல நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள்தான் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் சிமென்ட் பூச்சு. அந்தப் பூச்சு சரியாக இருந்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியே போகாது. காற்றில் ஈரப்பதம் குறையும்போது தோலில் இருந்து நீர் வேகமாக ஆவியாகிறது. அதோடு சுடச்சுட வெந்நீரில், நுரை பொங்கச் சோப்பு தேய்த்துக் குளித்தால் அந்தக் கொழுப்பும் கரைந்து போய்விடும்.

குளித்து முடித்த நேரத்தில் தோல் நீரை உறிஞ்சி மெத்தென்று இருக்கும். துடைத்துவிட்டு அப்படியே விட்டால் சிறிது நேரத்திலேயே அந்த ஈரம் காற்றோடு போய்விடும். அதனால் டவலால் அழுத்தித் தேய்க்காமல், ஒற்றியெடுத்துவிட்டு, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். சுமார் 3 நிமிடங்களுக்குள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

லோஷனில் அதிகமாக இருப்பது தண்ணீர். அதோடு கொஞ்சம் எண்ணெயும், கிளிசரின் போன்ற ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருளும் சேர்ந்திருக்கும். எளிதில் பரவும், பிசுபிசுக்காது, உடனே ஆடை போட்டுக்கொள்ளலாம். ஆனால், மேலே மூடி போடும் சக்தி குறைவு. வறட்சி அதிகமானால் மதியத்துக்குள் தோல் மீண்டும் இழுக்க ஆரம்பித்துவிடும்.

பாடி பட்டரில் ஷியா, கொக்கோ போன்ற கெட்டிக் கொழுப்புகள் இருக்கும். கையில் எடுத்துத் தேய்த்தால் உடல் சூட்டிலேயே இளகும். தோல்மேல் கனமான படலமாக நின்று ஈரத்தை நீண்ட நேரம் அடைத்துவைக்கும். ஆனால் டப்பாவில் 'பட்டர்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். முதல் பெயரே 'வாட்டர்' அல்லது 'அக்வா' என்றால் அது கெட்டியான க்ரீம். தண்ணீரே இல்லாமல் ஷியா பட்டரில் தொடங்கினால் அது முழுக் கொழுப்பு. இரண்டுமே பயன்படும், விலையைக் கொடுக்கும்முன் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

எண்ணெயில் துளி நீர்கூடக் கிடையாது. அதனால் அது ஈரத்தைக் கொடுக்காது. இருக்கும் ஈரத்தைக் காக்கும். காய்ந்து உலர்ந்த காலில் எண்ணெய் தேய்த்தால் பளபளக்கும், உள்ளே வறட்சி அப்படியே இருக்கும். 'எவ்வளவு தேய்த்தாலும் இழுக்குது' என்று சொல்பவர்களில் பலர் செய்வது இதைத்தான். அதே எண்ணெயை ஈர உடம்பில் பூசினால் பலன் தெரியும். பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், தேங்காய் எண்ணெயும் கடையில் கிடைக்கும் மினரல் ஆயிலும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஆலிவ் எண்ணெய் மட்டும் வறண்ட தோலுக்கு அவ்வளவு உகந்ததல்ல. அதில் மிகுதியாக உள்ள ஒலீயிக் அமிலம், நாம் மேலே பார்த்த 'சிமென்ட் பூச்சை'த் தளர்த்தக்கூடியது.

ஒரு சந்தேகம் வரலாம். வாரந்தோறும் எண்ணெய்க் குளியல் எடுக்கிறோமே, போதாதா? குளிக்கும்முன் தேய்க்கும் எண்ணெயைச் சீயக்காயும் சோப்பும் பெருமளவு எடுத்துவிடும். குளித்தபின் பூசுவதுதான் தோலில் தங்கும்.

எவ்வளவு பூச வேண்டும்?

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். கோவையில் ஏசி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கை, கால் இரண்டும் வறண்டிருக்கின்றன. 200 கிராம் க்ரீம் வாங்குகிறார். மூன்று மாதம் வருகிறது. 'பலனே இல்லை' என்கிறார்.

தோல் மருத்துவர்கள் சொல்லும் விரல்நுனி அளவை வைத்துப் பார்ப்போம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து நீளமாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். பாதத்தோடு ஒரு காலுக்கு 8 விரல்நுனி, உள்ளங்கை புறங்கையோடு ஒரு கைக்கு 4. இரண்டு கால், இரண்டு கைக்கு மொத்தம் 24. அதாவது 12 கிராம். அப்படியென்றால் 200 கிராம் சுமார் 16 நாள்தான் வர வேண்டும். மூன்று மாதம் வந்தது என்றால், தேவையானதில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பூசவில்லை. குறை க்ரீமில் இல்லை.

எண்ணெய்க்கு இவ்வளவு தேவைப்படாது. ஈரத் தோலில் நன்றாகப் பரவும் என்பதால் கை, கால்களுக்கு ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்துப் பார்க்கலாம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டால், பாட்டிலை வெந்நீரில் சில நிமிடம் வைத்தால் இளகிவிடும்.

எந்த இடத்துக்கு எது?

உடம்பு முழுக்க ஒரே பொருள் தேவையில்லை. கை, வயிறு, தொடைக்கு லோஷன் போதும். முழங்கால் கீழே, முழங்கை போன்ற இடங்களில் லோஷன் பூசி, அதன்மேல் மெல்லிதாக எண்ணெய் தடவலாம். குதிகாலுக்குப் பட்டர், இரவில் பூசி காட்டன் சாக்ஸ் போட்டுக்கொண்டால் போர்வையிலும் ஒட்டாது. முதுகிலும் மார்பிலும் பரு வருபவர்கள் அங்கே தேங்காய் எண்ணெயையும் பட்டரையும் தவிர்ப்பது நல்லது.

எது உங்களுக்குச் சரிவரும் என்று சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். ஐந்து நாள் குளித்ததும் இடது காலில் லோஷன், வலது காலில் எண்ணெய் பூசுங்கள். மாலை 4 மணிக்கு இரண்டு காலிலும் நகத்தால் மெதுவாகக் கோடு போட்டுப் பாருங்கள். எந்தக் காலில் வெள்ளைக்கோடு விழவில்லையோ, அந்தக் காலில் பூசியதே உங்களுக்கானது. இரண்டிலும் விழுந்தால் லோஷன்மேல் எண்ணெய் என்ற முறைக்கு மாறுங்கள்.

இதையும் கவனியுங்கள்

குளியலறைக்குள்ளேயே நின்று எண்ணெய் பூசினால் தரை வழுக்கும். வயதானவர்களைக் கட்டிலில் உட்காரவைத்துப் பூசிவிட்டு, உள்ளங்காலைத் துடைத்த பிறகே நடக்கவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் விரல் இடுக்குகளில் எதையும் பூச வேண்டாம். ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரலாம். யூரியா, லாக்டிக் அமிலம் கலந்த லோஷன் சொரசொரப்பைக் குறைக்கும்; ஆனால் வெடிப்பிலும், ஷேவ் செய்த உடனேயும் பட்டால் எரியும்.

இரண்டு வாரம் போதிய அளவு பூசியும் அரிப்பு குறையவில்லை, தோல் சிவந்து நீர் கசிகிறது, வட்ட வட்டமாகப் படை தெரிகிறது, வீட்டில் எல்லோருக்குமே இரவில் அரிக்கிறது என்றால் அது வெறும் பனிக்கால வறட்சி அல்ல. அடுத்த டப்பாவை வாங்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.