ஒரே தயிர், மூன்று எண்கள்: பிஎச் மீட்டரை நம்புவதற்கு முன்

ஒரு கிண்ணம் தயிர். ஒரே பிஎச் மீட்டர், ஒரே மின்முனை. மூன்று மாணவர் குழுக்கள் அடுத்தடுத்து அளக்கின்றன. முதல் குழுவுக்கு 4.82, இரண்டாவது குழுவுக்கு 4.62, மூன்றாவது குழுவுக்கு 4.40 என்று திரையில் காட்டுகிறது. யாரும் எண்ணைத் தவறாகப் படிக்கவில்லை, தயிரும் மாறவில்லை. அப்படியென்றால் எதை ஆய்வறிக்கையில் எழுதுவது?

பால் தயிராவதை அளப்பது பள்ளியிலும் கல்லூரியிலும் பலரும் எடுக்கும் செயல்திட்டம். இதில் 0.2 என்ற வித்தியாசம் சின்னதல்ல. பாலில் உள்ள கேசீன் புரதம் ஏறக்குறைய 4.6 என்ற பிஎச் அளவில்தான் மின்னேற்றத்தை இழந்து ஒன்றோடொன்று சேர்கிறது. 4.62 என்றால் 'இப்போதுதான் அந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது' என்று எழுதுவீர்கள். 4.40 என்றால் அதைத் தாண்டி நன்றாகவே புளித்துவிட்டது.

இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள, மீட்டர் உண்மையில் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பிஎச்-ஐ நேரடியாக அளப்பதில்லை. மின்முனையின் நுனியில் இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குமிழ், கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளுக்கு ஏற்ப ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தருகிறது. மீட்டர் அளப்பது அந்த மில்லிவோல்ட்டைத்தான். குறையே இல்லாத மின்முனை, பிஎச் 7-இல் 0 மில்லிவோல்ட் காட்டும். 25 டிகிரி செல்சியஸில், பிஎச் ஒன்று குறையும்போதெல்லாம் 59.16 மில்லிவோல்ட் கூடும். இந்த ஏற்றத்தைத்தான் 'சாய்வு' என்கிறோம்.

ஆனால் பள்ளி ஆய்வகத்தில் சில ஆண்டுகள் உழைத்த மின்முனை அப்படி இருக்காது. நம் எடுத்துக்காட்டில் உள்ளது, பிஎச் 7.00 தாங்கல் கரைசலில் −12 மில்லிவோல்ட்டும், பிஎச் 4.01 கரைசலில் +150 மில்லிவோல்ட்டும் தருகிறது. இடைவெளி 162 மில்லிவோல்ட். அதை 2.99-ஆல் வகுத்தால் 54.2. இருக்க வேண்டிய 59.16-இல் இது சுமார் 92 விழுக்காடு.

இப்போது தயிரில் இதே மின்முனை 129 மில்லிவோல்ட் தருகிறது. முதல் குழு அளவுதிருத்தம் செய்யவே இல்லை. அதனால் மீட்டர், மின்முனை குறையற்றது என்று எண்ணி 129-ஐ 59.16-ஆல் வகுத்து, 7-இலிருந்து கழித்து 4.82 என்றது. இரண்டாவது குழு பிஎச் 7 கரைசலில் மட்டும் திருத்தியது. −12 என்ற பிழை சரியானது, சாய்வு சரியாகவில்லை. 141-ஐ 59.16-ஆல் வகுத்ததில் 4.62 வந்தது. மூன்றாவது குழு 7, 4 இரண்டிலும் திருத்தியதால் மீட்டருக்கு உண்மையான சாய்வு தெரிந்தது. 141-ஐ 54.2-ஆல் வகுத்து 4.40 என்று சரியாகச் சொன்னது.

இரண்டு கரைசல்கள் ஏன் தேவை என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஒன்று கோடு எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறது, மற்றொன்று அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்கிறது. அளக்கப்போகும் பொருள் அந்த இரண்டுக்கும் இடையில் விழ வேண்டும். தயிருக்கு 7, 4. சோப்புக் கரைசல் என்றால் 7, 10. கரைசலைச் சின்னக் குவளையில் ஊற்றிப் பயன்படுத்துங்கள், மீதியைப் புட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள். பிஎச் 10 கரைசல் திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் குறைந்துவிடும். மூடாமல் விட்டுப்போன புட்டியை வைத்துத் திருத்தினால், பிழையையே அளவுகோலாக மீட்டருக்குக் கற்றுக்கொடுத்தது போலாகும்.

மூன்றாவது குழு சரியாகச் செய்துவிட்டது, சரி. ஆனால் அன்று மாலைவரை அதே எண்ணை நம்பலாமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அரைமணிக்கு ஒருமுறை பாலில் தோய்த்தெடுத்த மின்முனையின் கண்ணாடிமீது புரதமும் கொழுப்பும் மெல்லிய படலமாகப் படிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் கண்ணாடியை அடையத் தாமதமாகும். பக்கத்தில் இருக்கும் நுண்துளை இணைப்பு அடைத்துக்கொண்டால் எண் நிலைக்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மின்முனையைக் கழுவி, புதிதாக ஊற்றிய பிஎச் 7 கரைசலில் மீண்டும் வையுங்கள். அரை நிமிடத்தில் 7.00-ஐ ஒட்டி நின்றால் நல்லது. இரண்டு நிமிடமாகியும் 6.8, 6.85 என்று நகர்ந்துகொண்டிருந்தால் படலம் படிந்துவிட்டது. அப்போது சிலர் உடனே மறுபடியும் CAL பொத்தானை அழுத்துவார்கள். அதைவிடக் கெட்ட யோசனை இல்லை. எண் நிலைக்கும் முன்பே மீட்டர் அதைச் சரியென்று ஏற்றுக்கொள்ளக்கூடும். திரையில் அழகாக 7.00 வரும், அடுத்த அளவுகள் எல்லாம் தவறும்.

முதலில் சுத்தம் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் வைத்துக் கழுவினால் கொழுப்பு போகும். புரதத்துக்கு, பெப்சின் கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. இது ஆசிரியர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. பிறகு நன்றாகக் கழுவி, சேமிப்புக் கரைசலில் ஊறவைத்து, அதன்பிறகே அளவுதிருத்தம். சில மீட்டர்கள் திருத்தம் முடிந்ததும் சாய்வை விழுக்காட்டில் காட்டும். அதைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். 95-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. நம் எடுத்துக்காட்டில் வந்த 92, சுத்தம் செய்யச் சொல்லும் அறிகுறி. சுத்தம் செய்தும் 90-க்குக் கீழே நின்றால் மின்முனையின் காலம் முடிகிறது. புதிதாக வாங்கச் சொல்ல அந்தப் பக்கமே ஆதாரம்.

துடைப்பதிலும் ஒரு விஷயம். குமிழைத் திசுத்தாளால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி எண் தள்ளாடும், கண்ணாடியும் கீறும். நுனியில் தொங்கும் நீர்த்துளியை ஒற்றியெடுத்தாலே போதும். தயிர்ப் பானையிலேயே மின்முனையை விடாமல், கொஞ்சம் தனிக் குவளையில் எடுத்து, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு அளப்பதும் நல்லது. புளிக்கும் பால் 40 டிகிரிக்கு மேல் இருக்கும், தாங்கல் கரைசலோ குளிரூட்டிய அறையில் 25 டிகிரியில் இருக்கும். இரண்டையும் ஒரே வெப்பத்தில் வைத்தால் ஒரு சந்தேகம் குறையும். கண்ணாடி உடைந்தால் சாப்பிட வைத்த தயிரும் வீணாகாது.

கடைசியாக, பெரும்பாலான மின்முனைகள் அளக்கும்போது கெடுவதில்லை, அலமாரியில் இருக்கும்போதுதான் கெடுகின்றன. வடிநீரில் ஊறவைத்துவிட்டுப் போவது சுத்தமான பழக்கம் போலத் தோன்றும். ஆனால் வடிநீர், கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்தும் உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலிலிருந்தும் அயனிகளை இழுத்துவிடும். காயவிட்டாலும் கண்ணாடியின் நீரேறிய மேற்படலம் வறண்டு, மின்முனை மந்தமாகிவிடும். மூடிக்குள் லிட்டருக்கு 3 மோல் பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் குமிழ் மூழ்கும்வரை ஊற்றி மூடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது விளிம்பில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், நீரில் கழுவினால் போய்விடும். மூடிக்குள் வறண்டிருந்தால் மட்டும் அன்றைய அளவீட்டைத் தள்ளிப்போடுங்கள். அதே கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் 7-இலிருந்து தொடங்குங்கள்.